மலையில வீட்டு நம்பர் போர்ட் எந்தப் பக்கத்துலேர்ந்து கெட்டுப்போகுது?

போன ஜூலை மாசம் மஸ்கெலியா பக்கம் ஒரு அக்கா வீட்டு மதில்லேர்ந்து பழைய போர்ட் ஒண்ணக் கழட்டினேன். ஆறு வருஷத்துக்கு முந்தி நானே அடிச்சுக் குடுத்த போர்ட் தான் அது. முன்பக்கம் பாத்தா அவ்வளவு மோசமில்ல, பெயின்ட் அங்கங்க தோல் உரிஞ்சிருந்துச்சு, நாலு ஸ்க்ரூவுக்குக் கீழயும் கண்மை கரைஞ்சு வழிஞ்ச மாதிரி செம்பழுப்புல கோடு. ஆனா திருப்பிப் பாத்தா பின்பக்கம் தகரமே இல்ல. கையில எடுத்தா பொரிச்ச அப்பளம் மாதிரி உதிருது, மதில்ல ஒட்டியிருந்த இடம் பூரா பாசி, நடுவுல ஒரு அட்டைப்பூச்சி வேற சுருண்டு கிடக்கு. அக்கா பக்கத்துல நின்னு பாத்துட்டு, "ஏன் தம்பி, மழைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லித்தானே குடுத்த"ன்னாங்க. என்ன பதில் சொல்றது, சொன்னது நான்தான்.

நான் பதினாலு வருஷமா போர்ட் அடிக்கிற வேலை பாக்குறேன், முன்னெல்லாம் நிறையத் தப்புப் பண்ணியிருக்கேன், அதுல பாதித் தப்பு இந்த ஒரே போர்ட்ல இருந்துச்சு. எல்லாரும் வந்து கேக்குறது "எந்த மெட்டீரியல் நல்லது"ன்னு தான். ஆனா ஒரு போர்ட் முன்பக்கம் மழை அடிச்சுச் சாகுறது ரொம்பக் குறைவு, பின்பக்கத்துல காயாத தண்ணியும் ஓட்டையும் கீழ் விளிம்பும் தான் அதக் கொல்லுது.

அந்தத் தகரத்துக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்றேன். கடையில விக்கிற ஜீஐ தகரம்னா இரும்புக்கு மேல நாகம் பூசுனது. நாகம்னா சிங்க் தான், அந்தப் பூச்சு ஒரு தலைமுடி தடிப்பு கூட வராது. நனைஞ்சு காஞ்சு, நனைஞ்சு காஞ்சு இருந்தா அந்த நாகம் காத்தோட சேந்து மேல சாம்பல் கலர்ல ஒரு தோல் போட்டுக்கும், அந்தத் தோல் தான் அதக் காப்பாத்துது, அதனால தான் கூரைத் தகரம் வருஷக்கணக்கா தாங்குது. ஆனா அதே தகரத்த மதிலோட ஒட்டி வச்சு, உள்ள போன தண்ணி மே மாசத்துலேர்ந்து செப்டெம்பர் வரைக்கும் காயாம நின்னா, காத்து படாத அந்த இடத்துல தோல் உருவாகாது, வெள்ளையா மாவு மாதிரி பொங்கும். வெள்ளைத் துருன்னு சொல்லுவாங்க. அது முடிஞ்சதும் உள்ள இருக்குற இரும்பு, அதுக்கப்புறம் செந்துரு. புதுசா ஒரு தகர போர்ட் மாட்டி ஒரு மழைக்காலம் போனதும் பின்பக்க ஓரத்துல விரல விட்டுத் தடவிப் பாருங்க, வெள்ளைப் பொடி ஒட்டுனா அது ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம்.

அடுத்தது பெயின்ட். நான் அடிச்சது சாதாரண இனாமல், கேட்டுக்கும் ஜன்னலுக்கும் அடிக்கிறோமே அது. அத நாகத் தகரத்து மேல நேரா அடிக்கவே கூடாது, ஆனா இன்னமும் பாதிப் பேரு அடிக்கிறாங்க. இனாமல்ல எண்ணெய் இருக்கு, அந்த எண்ணெயும் நாகமும் ஈரத்துல சேந்தா நடுவுல சவுக்காரம் மாதிரி ஒரு வழுவழுப்பு உண்டாகும், அதுக்கு மேல பெயின்ட் எப்படி நிக்கும்? இரும்புல பெயின்ட் போனா கொப்புளம் விட்டு துருவோட பொறியும், நாகத்துல போனா அடியில துருவே இல்லாம பளபளன்னு தகரம் தெரிய, பெயின்ட் மட்டும் தாள் மாதிரி நீளமா உரியும். வித்தியாசம் கண்ணுலயே தெரியும். நாகத் தகரத்துக்குன்னே பிரைமர் விக்கிறாங்க, அத முதல்ல அடிச்சுட்டு மேல என்ன வேணா அடிக்கலாம். அப்ப எனக்கு அது தெரியாது, தெரிஞ்சிருந்தாலும் ஒரு டின் வாங்குற காசுக்கு யோசிச்சிருப்பேன், உண்மையச் சொல்லணும்ல.

மூணாவது தப்பு ஸ்க்ரூ. ஓட்டை போடும்போதே அந்த இடத்துல நாகம் போயிடுது, வெட்டுன விளிம்புலயும் அப்படித்தான். அதுல கறுப்பு ஸ்க்ரூ, அதாவது பலகைக்கு அடிக்கிற ஸ்க்ரூ போட்டா முதல் மழையிலயே ஸ்க்ரூத் தலை துருப்புடிக்கும். அந்தக் கோடு வழியிறதப் பாத்து ஆளுங்க போர்டே துருப்புடிச்சதா நெனச்சுக்குவாங்க. பல நேரம் போர்ட் நல்லாத்தான் இருக்கும், பத்து ரூவா மிச்சம் பிடிச்ச ஸ்க்ரூ தான் அழுவுது.

இதெல்லாம் கொழும்புல இருக்குற ஒருத்தருக்குச் சொன்னா, இவ்வளவு எதுக்குய்யாம்பாங்க. அங்க கடல் உப்பு பிரச்சினை, இங்க நமக்கு அது இல்ல. நமக்கு இருக்குறது காயாத ஈரம். வட்டவளைப் பக்கமெல்லாம் வருஷத்துக்கு 5000 மில்லிமீட்டர் அளவுக்கு மழை, மழை இல்லாத நேரம் மிஸ்ட், துணியே மூணு நாளைக்கு அடுப்புக்கு மேல தொங்கணும், போர்ட்டுக்குப் பின்னாடி மட்டும் எப்படிக் காயும்? பண்டாரவளை, பதுளைப் பக்கம் கணக்கு வேற, அங்க மே மாசத்துலேர்ந்து செப்டெம்பர் வரைக்கும் காத்தும் வெயிலுமா வறண்டு கிடக்கும், மழை கூடுதலா ஒக்டோபருக்கு மேல தான். அங்க துருவ விட வெயில் தான் முதல் எதிரி. மலை உச்சிக்குப் போகப் போக வெயில்ல இருக்குற புறஊதாக் கதிர் கூடும், ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து வீதம்னு கணக்கு. நுவரெலியா 1868 மீட்டர்ல இருக்கு, ஹட்டன் 1270 கிட்ட. குளிருதேன்னு வெயில் மெதுவா இருக்கும்னு நெனைக்கிறோம், ஸ்டிக்கருக்குக் குளிரு தெரியாது, கதிர் தான் தெரியும்.

அதனால மெட்டீரியல இப்படிப் பாருங்க. தண்ணியில நின்னாலும் துருப்புடிக்காததா இருக்கணும், வெயில்ல வெளுக்காததா இருக்கணும், நம்ம டவுன்லயே கிடைக்கணும்.

எனக்குப் பிடிச்சது அலுமினியம் தகடு, 2 மில்லிமீட்டர் தடிப்பு. செந்துருங்கிற பேச்சே அதுல இல்ல, லேசு, ஒன்றரை அடிக்குப் பத்து அங்குலம் எடுத்தாலும் முக்கால் கிலோ வராது. ஆனா அதுக்கும் ரெண்டு பலவீனம் இருக்கு. ஒண்ணு, ஈரமான சிமெந்து அலுமினியத்த அரிக்கும், புதுசா பூசுன மதில்ல தகட்ட ஒட்டி வச்சா பின்பக்கம் வெள்ளை வெள்ளையா குழி விழும். இன்னொண்ணு, அதுல இரும்பு ஸ்க்ரூ போட்டா ரெண்டு உலோகமும் மழைத்தண்ணியில நனைஞ்சு கிடக்கும்போது ஒண்ணு இன்னொண்ணத் தின்னும், பட்டரிக்குள்ள நடக்குறது தான் இங்கயும் நடக்குது. ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போட்டு நடுவுல ஒரு நைலோன் வொஷர் வச்சுட்டா போதும். மேல பவுடர் கோட்டிங் அடிக்க முடிஞ்சா அடிங்க, ஜன்னல் சட்டம் செய்யிற இடங்கள்ல கேட்டா வேற ஒருத்தரோட லோட்டோட சேத்து சூளையில போட்டுக் குடுப்பாங்க, கலர் மட்டும் அவங்க அன்னைக்கு அடிக்கிற கலர் தான் வரும்.

ஸ்டெயின்லெஸ் இப்ப எல்லாரும் கேக்குறாங்க. நல்லது தான், நம்ம பக்கத்துக்கு 304 ரகம் தாராளம், 316 கடலோரத்துக்காரங்களுக்கு. பிரச்சினை என்னன்னா 304னு சொல்லி நிக்கல் குறைஞ்ச மலிவு ரகத்தக் குடுத்துடுவாங்க, காந்தம் வச்சுப் பாத்தா ரெண்டுமே ஒட்டாது, அதனால காந்தத்த நம்பாதீங்க, பில்லுல ரகத்த எழுதி வாங்குங்க. இன்னொரு விஷயம், நல்ல 304லயே பழுப்புப் புள்ளி வந்து என்கிட்ட சண்டைக்கு வந்தவங்க இருக்காங்க. ஒரு வீட்டுல போய்ப் பாத்தா, போர்ட் மாட்டுன அடுத்த வாரம் பக்கத்துலயே நின்னு கேட்ட கிரைண்டர்ல வெட்டியிருக்காங்க. பறந்த இரும்புப் பொறி போர்ட்ல ஒட்டி, அந்தப் பொடி தான் துருப்புடிச்சிருக்கு, தகடு இல்ல. இரும்பு நார் போட்டுத் தேய்ச்சாலும் இதே கதை. டைல்ஸ் கழுவுற ஆசிட் தெறிச்சா அது இன்னும் மோசம், அது ஸ்டெயின்லெஸ்ஸையே அரிச்சுடும். சரி, அதெல்லாம் தாண்டி ஸ்டெயின்லெஸ்ல எனக்கு இருக்குற கோபம் வேற. கண்ணாடி மாதிரி பொலிஷ் பண்ணி அதுலயே எழுத்தக் கொத்தி விடுறாங்க, பக்கத்துல நின்னா அழகு, ரோட்லேர்ந்து பாத்தா வானம் தான் தெரியும், நம்பர் தெரியாது. எடுத்தா சொரசொரப்பா மங்கலா இருக்குற ரகத்த எடுங்க, எழுத்துக்குக் கறுப்பு நிரப்பச் சொல்லுங்க.

அக்ரிலிக், அதாவது பர்ஸ்பெக்ஸ், வெயிலுக்கு நல்லாவே தாங்கும், துருவும் இல்ல. ஆனா சூட்டுல நல்லா நீளும். ஒன்றரை அடி பலகை ஒண்ணு விடியக்காலைக் குளிருக்கும் மத்தியான வெயிலுக்கும் நடுவுல முப்பது பாகை மாறுனா கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர் நீளும். ஸ்க்ரூவுக்கு அளவா ஓட்டை போட்டு இறுக்கி முறுக்கிட்டா அது போக இடமில்லாம ஓட்டையிலேர்ந்து மூலைக்கு வெடிப்பு ஓடும். ஓட்டைய ரெண்டு மில்லிமீட்டர் பெருசாப் போட்டு, வொஷர் வச்சு, ஸ்க்ரூவ இறுக்குனப்புறம் கால் சுத்து திருப்பி விடணும். தின்னர் போட்டு மட்டும் துடைச்சுடாதீங்க, சிலந்தி வலை மாதிரி உள்ளுக்குள்ள கீறல் விழுந்து மங்கிப்போயிடும்.

கறுப்பு கிரானைட்ல கொத்துனது நம்ம பேரப்பிள்ளை காலம் வரைக்கும் இருக்கும், அதுல சந்தேகமில்ல. ஆனா உள்ள அடிக்கிற தங்கக் கலர் பெயின்ட் இருக்காது, சில வருஷத்துக்கு ஒருக்கா நிரப்பணும், அதுக்கு ஒன்றரை அடிக் கல்லே ஆறு கிலோவுக்கு மேல கனம், பசை மட்டும் போட்டு மதில்ல ஒட்டி வச்சுட்டுப் போறவங்கள நான் நம்புறதில்ல. பித்தளை மாதாமாதம் தேய்க்கிற ஆள் இருந்தா வைங்க, நிறைக்கு விக்கலாம்னு கழட்டிட்டுப் போற ஆளும் இருக்காங்கங்கிறத ஞாபகம் வச்சுக்கங்க. பலகை, ஃபோம் போர்ட், ஃபிளெக்ஸ் இதெல்லாம் கல்யாண வீட்டுக்குச் சரி.

இப்ப எழுத்து. போர்ட் நல்லா இருந்து எழுத்து போயிட்டா ஒண்ணும் இல்லாத மாதிரி தான். நம்ம கடைகள்ல கூடுதலா எழுத்து ஸ்டிக்கர்ல தான் வெட்டுறோம். ஸ்டிக்கர் ரெண்டு வகை. ஒண்ணு, ரப்பர் மாதிரி உருளையில குடுத்து இழுத்து நசுக்கிச் செய்யிறது, இழுத்துச் செஞ்சதால வெயில் பட்டதும் பழைய அளவுக்குச் சுருங்கப் பாக்கும். பழைய போர்ட்கள்ல எழுத்தச் சுத்தி மெல்லிசா ஒரு அழுக்குக் கோடு ஓடும் பாத்திருப்பீங்க, ஸ்டிக்கர் சுருங்கிப் போய் பசை மட்டும் வெளிய நின்னு தூசு பிடிச்சது தான் அது. மற்றது காஸ்ட் வினைல், தோசைக்கு மாவு ஊத்துற மாதிரி ஊத்திக் காயவச்சது, அது சுருங்காது, விலை கூட. ரெண்டு எழுத்து போடுறதுக்கு எவ்வளவு தான் வரப்போகுது, காஸ்ட்டே கேளுங்க. அப்புறம் பிரின்ட் எடுத்து ஒட்டுறதும் கலர் ஸ்டிக்கர வெட்டி ஒட்டுறதும் ஒண்ணு இல்ல. பிரின்ட்ல மை மேலாப்புல தான் இருக்கு, சிவப்பும் மஞ்சளும் முதல்ல ஓடிடும், அதனால தான் பழைய போர்ட்ல இருக்குற ஆளுங்க முகமெல்லாம் நீலமா நிக்குது. வெட்டி ஒட்டுற ஸ்டிக்கர்ல கலர் உள்ள வரைக்கும் இருக்கும்.

சரி, எவ்வளவு பெருசு?

கண் டொக்டர் 6 மீட்டர் தூரத்துல ஒரு சார்ட் வைப்பாரே, அதுல நோர்மல் கண்ணுக்கான வரியில எழுத்து உயரம் 9 மில்லிமீட்டர் கிட்ட. அது நல்ல வெளிச்சத்துல, உக்காந்து, நேராப் பாத்து, யோசிச்சு வாசிக்கிற எல்லை. த்ரீவீல்காரரு மிஸ்டுக்குள்ள வைப்பர் ஓட ஓட நம்பர் தேடுறது அப்படி இல்ல. அதுக்கு அந்த எல்லையைப் போல மூணு மடங்குக்கு மேல வேணும். நான் வச்சிருக்குற கணக்கு சிம்பிள், வாசிக்க வேண்டிய தூரத்த 200ஆல பிரி, அது தான் எழுத்து உயரம். 6 மீட்டருக்கு 30 மில்லிமீட்டர், 20 மீட்டருக்கு 100 மில்லிமீட்டர். அந்த 100ங்கிறது 4 அங்குலம், அமெரிக்காவுல வீட்டு நம்பருக்குக் கட்டட விதியில வச்சிருக்குற குறைஞ்ச உயரமும் 4 அங்குலம் தான், கோட்டுத் தடிப்பு அரை அங்குலத்துக்குக் குறையக்கூடாதுன்னும் இருக்கு. தீயணைப்பு வண்டி வந்து தேடக்கூடாதுன்னு போட்ட விதி அது.

இந்த இடத்துல தமிழ் எழுத்துக்குன்னு ஒரு சங்கதி இருக்கு, இத யாரும் சொல்லித் தர்றதில்ல. கடையில "3 அங்குல எழுத்து"ன்னு சொன்னா கம்ப்யூட்டர்ல வரியோட மொத்த உயரத்த வச்சுடுவாங்க. மேல புள்ளி, விசிறி, கீழ கு, மு மாதிரி இறங்குற வால், எல்லாம் அந்த மூணு அங்குலத்துக்குள்ள. நடுவுல இருக்குற எழுத்தோட உடம்பு, அத வச்சுத் தான் நம்ம கண்ணு வாசிக்குது, அது ஒன்றரை, ஒண்ணே முக்கால் அங்குலத்துக்குச் சுருங்கிடும். அதனால அளவு சொல்லும்போது "ம" எழுத்து இவ்வளவு உயரம் வரணும்னு சொல்லுங்க, அடிமட்டத்த வச்சு அந்த ஒரு எழுத்த மட்டும் அளந்து பாத்து வாங்குங்க. இன்னொண்ணு, தடிப்பா இருந்தா நல்லாத் தெரியும்னு எழுத்தக் கொழுக்க வைக்காதீங்க. நம்பருக்கு அது சரி, உயரத்துல ஆறுல ஒண்ணுலேர்ந்து எட்டுல ஒண்ணு வரைக்கும் தடிப்பு வைக்கலாம். தமிழ்ல ண, ன, ழ, ஞ எல்லாம் சுழி உள்ள எழுத்து, கோடு தடிச்சா சுழி அடைச்சுக்கும், தூரத்துலேர்ந்து ணவும் னவும் ஒரே உருண்டையாத் தெரியும். எட்டுல ஒண்ணு போதும், அதுக்கு மேல வேணாம்.

லேசர்ல துளையா வெட்டி எழுத்துப் போடுறதும் இப்ப ஃபேஷன். சுழிக்குள்ள இருக்குற துண்டு கழண்டு விழாம இருக்க நடுவுல பாலம் மாதிரி விட்டு வெட்டுவாங்க, அந்தப் பாலத்தால 8ம் 6ம் 0வும் குழம்பும். அழகுக்கு வைங்க, நம்பருக்கு வேணாம்.

திரும்ப அந்த அக்கா வீட்டுக்கு வர்றேன். நம்பர் 27/3, வீட்டுப் பேரு அன்னை இல்லம். அவங்க லயத்துலேர்ந்து 7 பேர்ச்சஸ் வீட்டுக்கு வந்தவங்க, அம்மா காலத்துல கடுதாசின்னா தோட்ட ஆபிஸுக்கு மொத்தமா வந்து யாராவது கொண்டாந்து குடுக்குறது தான், தனக்குன்னு ஒரு நம்பர் இருக்குறதே அவங்களுக்குப் பெரிசு. அதனால "பேரு பெருசா, நம்பர் சின்னதா மூலையில"ன்னு கேட்டாங்க. நான் மாறிச் சொன்னேன். பேரு பாக்க வர்றவங்க படிக்கட்டுக்கு வந்துட்டவங்க, நம்பர் தான் தேடிக்கிட்டு வர்றவங்களுக்கு. 1990க்கு அடிச்சு ராத்திரி ஆம்புலன்ஸ் வந்தா அவங்களுக்குப் பேரு எந்த மொழியில இருந்தாலும் நம்பர் ஒண்ணு தான்னு சொன்னதும், வீட்டுல வயசான அம்மா இருக்குறதால உடனே சரின்னுட்டாங்க.

முதல்ல இடம் பாத்தோம். பழைய போர்ட் ரோட்டப் பாத்த மதில் முகத்துல இருந்துச்சு, அதாவது ரோட்டுக்கு இணையா. அப்படி வச்சா வண்டியில வர்ற ஆளு அதுக்கு நேரா வந்தப்புறம் தான் வாசிக்க முடியும், சாய்வாப் பாக்கும்போது எழுத்தோட அகலம் பாதியாச் சுருங்கித் தெரியும், 1ம் 7ம் எல்லாம் ஒரு குச்சி தான். படிக்கட்டுக்காக மதில் உள்ள திரும்புற இடத்துல ரோட்டுக்குக் குறுக்கா 2 அடி அகலத்துக்கு ஒரு முகம் இருந்துச்சு, டவுன்லேர்ந்து ஏறி வர்ற வண்டியப் பாத்த மாதிரி. அங்க தான் வைக்கணும்னு முடிவாச்சு. வளைவுலேர்ந்து அந்த இடத்துக்கு அடி வச்சு நடந்து பாத்தேன், கிட்டத்தட்ட 20 மீட்டர். அப்ப நம்பர் 100 மில்லிமீட்டர்.

தகடு 18 அங்குலத்துக்கு 10, அதாவது 457க்கு 254 மில்லிமீட்டர். இலக்கம் ஒண்ணு உயரத்துல பத்துல ஆறு பங்கு அகலம் வரும், மூணு இலக்கத்துக்கு 180, சாய்கோட்டுக்கு 45, இடைவெளி மூணுக்கும் இருபது இருபதா 60, மொத்தம் 285. தாராளமா இருக்கு. பேர "ம" 40 மில்லிமீட்டர் வர்ற மாதிரி வச்சுப் பாத்தேன், அன்னை இல்லம் 445 மில்லிமீட்டர் ஓடுது, தமிழ்ல அ, னை, இ எல்லாம் உயரத்த விட அகலம் கூடின எழுத்து. ரெண்டு ஓரத்துலயும் 6 மில்லிமீட்டர் தான் மிஞ்சுது, ஓரத்துல இடம் விடாத எழுத்து தூரத்துக்கு விளிம்போட ஒட்டிக்கிட்டுத் தெரியும். 30க்குக் குறைச்சேன், 335 வந்துச்சு, படிக்கட்டு அடியில நின்னா 6 மீட்டருக்கு அது போதும். உயரத்துலயும் நம்பருக்கு 100, புள்ளியோட சேத்து பேருக்கு 45, மேல நடு கீழன்னு 35 விட்டா சரியா உக்காந்துச்சு.

சாய்கோடு ஒரு வில்லங்கம். நம்ம பக்கம் பாதி நம்பர் 27/3, 12/1ன்னு தான் இருக்கு, கோட்ட இலக்கத்தோட அதே உயரம் அதே தடிப்புல போட்டா 12/1 தூரத்துக்கு 1211னு தெரியும். நான் கோட்டத் தடிப்புல பாதியாக்கி, நல்லாச் சாய்ச்சு, ரெண்டு பக்கமும் கூடுதலா இடம் விட்டு வெட்டுவேன்.

கலர் கரும்பச்சை தகட்டுல வெள்ளை எழுத்து. நம்பர் மட்டும் லைட் பட்டா திருப்பி மின்னுற ஸ்டிக்கர்ல, பேரு சாதாரண வெள்ளைக் காஸ்ட் வினைல்ல, ஏன்னா மின்னுற ஸ்டிக்கர் தடிப்பு, 4 மில்லிமீட்டர் கோட்டுல சுழியெல்லாம் வெட்டுனா பிஞ்சு வரும். அதுலயும் வழவழன்னு ஒரே மாதிரி இருக்குற ரகம் தான் வெட்டலாம், தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமா இருக்குறத எழுத்தா வெட்டுனா வெட்டு விளிம்பு வழியா ஒவ்வொரு கட்டத்துக்குள்ளயும் தண்ணி போயிடும். மின்னுற வெள்ளை ராத்திரி ஹெட்லைட்ல கொஞ்சம் பரவித் தெரியும், அதனால கோட்ட 15க்குப் பதிலா 13 மில்லிமீட்டர் வச்சேன்.

மாட்டுனது தான் முக்கியம். மதில்ல நாலு ரோல் பிளக், நாலு ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ, தகட்டுல ஓட்டை ஸ்க்ரூவ விட ஒரு மில்லிமீட்டர் பெருசு, நைலோன் வொஷர். தகட்டுக்கும் மதிலுக்கும் நடுவுல வயரிங் பைப்ப 15 மில்லிமீட்டர் நீளத்துக்கு நாலு துண்டு வெட்டிச் சொருகிட்டேன். அவ்வளவு தான், பெரிய ஃபிட்டிங் ஒண்ணும் இல்ல. தண்ணி மேலேர்ந்து உள்ள வந்தா கீழ ஓடிடும், காத்து பூந்து போகும். பக்கத்து வீட்டு அண்ணே வந்து "சுத்தி சிலிக்கன் அடிச்சு அடைச்சுடுப்பா"ன்னாரு, அப்படி நாலு பக்கமும் அடைக்கிறது தான் பெரிய தப்பு, மதில் வழியா வர்ற ஈரம் வெளிய போக வழியில்லாம உள்ளயே நிக்கும். ஒட்டி வச்சே ஆகணும்னா மேலயும் ரெண்டு பக்கமும் அடிச்சு கீழ திறந்து விடணும். அதுக்கும் வினாகிரி வாசம் அடிக்கிற சிலிக்கன் வேணாம், காயும்போது அது விடுற ஆசிட் நாகத்தையும் பித்தளையையும் அரிக்கும், வாசம் இல்லாத ரகம்னு கேட்டு வாங்குங்க.

மாட்டிட்டு வளைவு வரைக்கும் இறங்கிப் போய் நின்னு பாத்தேன், மிஸ்ட் இருந்துச்சு, 27ம் தெரிஞ்சுச்சு, 3ம் தெரிஞ்சுச்சு, கோடு கோடாத்தான் தெரிஞ்சுச்சு. இப்ப எட்டு மாசம் ஆகுது. போன வாரம் அந்தப் பக்கம் போனப்போ நின்னு போர்ட்டுக்குப் பின்னாடி விரல விட்டுப் பாத்தேன், காஞ்சு இருந்துச்சு, ஒரு குளவி மட்டும் கூடு கட்ட ஆரம்பிச்சிருக்கு.